மொட்டைக் கடிதமும் ஒற்றை நட்சத்திரமும்

அந்தக் காலத்தில் ஒருவருக்குக் கெடுதல் செய்ய நினைத்தால் மொட்டைக் கடிதம் போடுவார்கள். வங்கியின் ஆய்வுப் பிரிவில் இருந்த வருடங்களில் அப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். இன்லண்ட் லெட்டரில், இடது கையால் எழுதின மாதிரி எழுத்து, கடைசியில் 'இப்படிக்கு, பொதுநலம் விரும்பி' என்று இருக்கும். எழுதினவர் யார் என்று தேடிக்கொண்டு போனால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. அதனால் எங்கள் பழக்கம் வேறு. கடிதத்தில் சரிபார்க்கக்கூடிய விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். ஒரு கடன் கணக்கு எண், ஒரு தேதி, ஒரு தொகை. இருந்தால் பேரேட்டை எடுப்போம். வெறும் வசவு மட்டும் என்றால் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகு உதவும் என்று நினைக்கவில்லை. போன வருஷம் உதவியது.

என் தம்பி மகளும் மாப்பிள்ளையும் மயிலாடுதுறையில் ஒரு சின்ன சைவ ஹோட்டல் நடத்துகிறார்கள். காலையும் இரவும் டிபன், மதியம் சாப்பாடு, மொத்தம் பதினாறு பேர் உட்காரலாம். உள்ளூர்க்காரர்கள் யாரும் செல்போனைப் பார்த்து அங்கே வருவதில்லை. ஆனால் நவக்கிரகக் கோவில்களுக்கு வேனில் வருகிறவர்கள், பக்கத்தில் எது நல்ல ஹோட்டல் என்று கூகுளில்தான் தேடுகிறார்கள். அங்கே கடைப் பெயருக்குக் கீழே நட்சத்திரக் கணக்கு நிற்கும். இவர்கள் கடைக்கு 214 பேர் ரிவியூ எழுதி, சராசரி 4.4. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். வேன் கூட்டம்தான் அவர்களுக்கு வாடகை கொடுக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"பெரியப்பா, நம்ம கடையை யாரோ ஒழிச்சுக்கட்டப் பாக்கறாங்க. ஒரே ஒரு ஸ்டாரா போட்டுத் தள்ளியிருக்காங்க. எதிர்த்தாப்ல புதுசா கடை போட்டிருக்கானே, அவன் வேலைதான்."

"யாருன்னு அப்புறம் பாப்போம்மா. எத்தனை வந்திருக்கு, எப்போலேர்ந்து வந்திருக்கு, அதை முதல்ல சொல்லு" என்றேன்.

எண்ணிப் பார்த்தாள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணியிலிருந்து திங்கள் காலை பத்து மணிக்குள் 41 ரிவியூ. எல்லாமே ஒரு நட்சத்திரம். சராசரி 3.9 ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் பதில் எழுதக் கிளம்பிவிட்டார். அவரை நிறுத்தச் சொன்னேன். கோபத்தில் எழுதும் பதிலை நாளைக்கு வேன்காரர்தான் படிப்பார்.

முதல் காரியமாக எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன். இதை அவசரமாகச் செய்ய ஒரு காரணம் உண்டு. கூகுள் ரிவியூவில் தேதி போடுவதில்லை. 'இரண்டு நாட்களுக்கு முன்பு' என்றுதான் காட்டும். கொஞ்ச நாள் போனால் அதுவே 'ஒரு வாரத்திற்கு முன்பு' ஆகும், பிறகு 'ஒரு மாதத்திற்கு முன்பு' ஆகும். 41 பேரும் ஒன்றரை நாளில் வந்தார்கள் என்ற ஆதாரம் அப்படியே கரைந்துவிடும். வரிசை மாற்றும் இடத்தில் Newest என்று வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிட்டாள்.

பிறகு ஒரு நோட்டில் கட்டம் போட்டோம். எழுதினவர் பெயர், என்ன எழுதினார், அதில் சரிபார்க்க என்ன இருக்கிறது, இதற்கு முன் வேறு எங்கே ரிவியூ எழுதியிருக்கிறார். நான்கே பத்தி. நான் போனில் கேட்கக் கேட்க அவள் எழுதினாள்.

வேகம் மட்டுமே சாட்சி ஆகாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைக்குச் சாதாரணமாக மாதத்துக்கு ஆறு ஏழு ரிவியூதான் வரும். ஒன்றரை நாளில் 41 என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் என்ன நடந்தது என்று அந்த எண் சொல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கெட்டுப்போய் ஐம்பது பேருக்கு வயிறு கலங்கினாலும் இதே மாதிரிதான் வந்து குவியும். அதனால் அடுத்ததாக நட்சத்திரங்களின் கலவையைப் பார்க்க வேண்டும். உண்மையாகவே சாப்பாடு மோசமான நாளில் ஒருவர் ஒன்று போடுவார், ஒருவர் இரண்டு போடுவார், இட்லி பரவாயில்லை சாம்பார்தான் மோசம் என்று ஒருவர் மூன்று போடுவார். மனிதர்களின் நாக்கு அப்படி. 41 பேரும் ஒன்றே ஒன்று போட்டிருந்தால், அவர்கள் சாப்பாட்டுக்கு மார்க் போட வரவில்லை என்று சந்தேகப்படலாம்.

அந்தச் சந்தேகத்தை உறுதி செய்தது எழுதியிருந்த விஷயம்தான். ஒன்பது பேர் சிக்கனைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். இவர்கள் கடையில் முட்டைகூடக் கிடையாது. ஆறு பேர் மாடியில் இருக்கும் ஏசி ஹாலைத் திட்டியிருந்தார்கள். இவர்கள் கடைக்கு மாடியே கிடையாது. பத்துப் பேர் வெறும் வசவு. பன்னிரண்டு பேர் ஒரு வார்த்தையும் எழுதாமல் நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தார்கள். ஆக 37. மீதி நான்கு பேருக்கு அப்புறம் வருகிறேன்.

எதிர்க்கடைக்காரர் மேல் இருந்த சந்தேகத்தை அந்த நாலாவது பத்திதான் போக்கியது. ஒருவரின் பெயரைத் தொட்டால் அவர் மற்ற இடங்களுக்கு எழுதியது பெரும்பாலும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிற கணக்குகளுக்கு ஒரு சாயல் உண்டு. ஒரே நாளில் ஒரு ஊரில் பல் டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், இன்னொரு மாநிலத்தில் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிக்கு ஒரு நட்சத்திரம், மூன்றாவது ஊரில் அழகு நிலையத்துக்கு ஐந்து. எந்த மனிதனும் அப்படி ஊர் சுற்ற முடியாது. இங்கே வந்தவர்களோ அப்படி இல்லை. தங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்க், கோவில், செல்போன் கடை என்று வருஷக்கணக்காக ஒழுங்காக எழுதி வந்தவர்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாவட்டம், அதுவும் மயிலாடுதுறையிலிருந்து வெகு தூரம். அதாவது இவர்கள் கூலிக்கு வந்த ஆட்கள் இல்லை. உண்மையான மனிதர்கள், உண்மையான கோபத்தோடு, தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

கடைப் பெயரை யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் தேடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் கிடைத்தது. அந்தத் தூரத்து மாவட்டத்தில் இதே பெயரில் ஒரு அசைவ ஹோட்டல். அங்கே சாப்பாட்டில் பூச்சி கிடந்ததாக ஒருவர் சனிக்கிழமை மாலை வீடியோ போட்டிருந்தார். தலைப்பில் கடைப் பெயர் மட்டும் இருந்தது, ஊர்ப் பெயர் இல்லை. பார்த்தவர்கள் கூகுளில் பெயரை அடித்திருக்கிறார்கள். இவர்கள் கடை முதலில் வந்திருக்கிறது.

இது பெரிய கம்பெனிகளுக்கே நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட்டின் தலைவர் இந்தியாவைப் பற்றி மட்டமாகப் பேசினார் என்று ஒரு முன்னாள் ஊழியர் வழக்கில் சொன்ன குற்றச்சாட்டு வெளிவந்தது. கம்பெனி அதை மறுத்தது. அதற்குள் நம் ஆட்கள் அந்தச் செயலிக்கு ஒரு நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள். அந்த வேகத்தில் பெயர் பாதி ஒத்துப்போன பாவத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஸ்னாப்டீலுக்கும் அடி விழுந்தது.

மூலம் தெரிந்ததும் வேலை எளிதாயிற்று. வீடியோ போட்டவருக்கு மாப்பிள்ளையை விட்டு மரியாதையாக இரண்டு வரி எழுதச் சொன்னேன். வீடியோவை எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, அது அவர் விவகாரம். தலைப்பில் ஊர்ப் பெயரைச் சேர்த்தால் போதும், எங்கள் பிழைப்பு தப்பும் என்று மட்டும் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் சேர்த்துவிட்டார். அதோடு வரத்து நின்றது. புகார்கள் எதுவும் அதற்குள் முடிவாகியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பதற்கு முன்னால் ஓட்டையைத் தேடவேண்டும்.

இப்போது அந்த நான்கு பேர். இந்த மாதிரி நேரத்தில் வருகிற பெரிய ஆபத்து, கூட்டத்தோடு சேர்த்து உண்மையான வாடிக்கையாளரையும் எதிரி என்று நினைத்துவிடுவது. மூன்று பேர் விவரமாக எழுதியிருந்தார்கள்: கை கழுவும் இடத்தில் சாக்கடை நாற்றம், ஞாயிற்றுக்கிழமை மதியம் பொரியல் தீர்ந்துவிட்டது, இப்படி. நாலாவது ஆள்தான் சிக்கல். புதுக் கணக்கு, வேறு ரிவியூவே இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து. எழுதியிருந்தது ஒரே வரி: தயிர் சாதம் ஒரே புளிப்பு, நாற்பது ரூபாய் தண்டம்.

"இது நிச்சயமா அந்தக் கூட்டம்தான் பெரியப்பா. ஆளைப் பாருங்க, முகமே இல்லை" என்றாள்.

"உன் கடையில தயிர் சாதம் என்ன விலை?"

கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "நாற்பதுதான். போன மாசம்தான் முப்பத்தஞ்சுலேர்ந்து ஏத்தினோம்."

தூரத்து மாவட்டத்தில் வீடியோ பார்த்துக் கோபப்பட்டவருக்குப் போன மாதம் ஏறின விலை தெரிய நியாயமில்லை. முகம் இல்லாதது பொய் என்பதற்கு அடையாளம் இல்லை. நம் வயதுக்காரர் ஒருவர் வாழ்க்கையில் முதன்முறையாக ரிவியூ எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். அந்த நான்கையும் புகார்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். நால்வருக்கும் வருத்தம் சொல்லித் தனித்தனியாகப் பதில் எழுதினாள். கை கழுவும் இடத்துக் குழாயை அந்த வாரமே மாற்றினார்கள்.

மீதி 37 பேர் மேல் புகார். ஒவ்வொரு ரிவியூவின் ஓரத்திலும் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் Report review என்று வரும். அங்கே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தில் பலரும் எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. ரிவியூ பொய் என்று நாம் சொல்வதால் கூகுள் அதை எடுக்காது. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு என்றால் அதில் தலையிடுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. அவர்களுடைய விதியை அந்த ரிவியூ மீறுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு இடத்துக்குப் போன சொந்த அனுபவத்தை எழுத வேண்டும் என்பது விதி. சைவக் கடையில் சிக்கன் சரியில்லை என்பது அந்த விதியைத் தெளிவாக மீறுகிறது. ஆபாச வசவு இன்னொரு விதியை மீறுகிறது. எது எதில் பொருந்துகிறது என்று நோட்டைப் பார்த்துத் தனித்தனியாகக் காரணம் போட்டோம்.

சில நாட்களில் 22 போய்விட்டன. மீதி 15க்கு விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு முறை மேல்முறையீடு உண்டு. கடை உரிமையாளரின் கணக்கிலிருந்துதான் செய்ய முடியும். ஒரு விண்ணப்பத்தில் பத்து ரிவியூ வரை சேர்க்கலாம். பதினைந்தில் ஐந்து வார்த்தையே இல்லாதவை. அவற்றில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே வார்த்தை உள்ள பத்தை மட்டும் சேர்த்தோம். விளக்கத்தில் அழுகை ஏதும் வேண்டாம், மூன்று விஷயம் போதும் என்றேன்: இது சைவக் கடை, மாடி கிடையாது, இதே பெயரில் வேறு ஊர்க் கடையைப் பற்றிய வீடியோ இன்ன நேரத்தில் வந்தது, முதல் ரிவியூ அதற்குப் பிறகு இன்ன நேரத்தில் வந்தது. ஏழு போயின. எட்டு இன்னும் இருக்கின்றன. இருக்கட்டும்.

பதில் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம். திட்டினவர் திரும்பி வந்து படிக்கப் போவதில்லை. நாளைக்குக் காலை வேனில் உட்கார்ந்துகொண்டு, இங்கே இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்தான் படிப்பார். பதில் அவருக்கு. ஒரே பதிலை 37 இடத்தில் ஒட்டினால் அவருக்கும் அலுப்புத் தட்டும். மேலாக நின்ற நான்கைந்து ரிவியூவுக்கு மட்டும், வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி, இந்த மாதிரி எழுதினாள்:

'வணக்கம். இது மயிலாடுதுறையில் உள்ள சைவ உணவகம். இங்கே அசைவம் சமைப்பதில்லை, மாடியும் ஏசி ஹாலும் கிடையாது. இணையத்தில் வரும் அந்த வீடியோ எங்கள் கடையில் எடுத்தது அல்ல. எங்களிடம் சாப்பிட்டு ஏதாவது குறை இருந்திருந்தால் எந்த நாள், என்ன பலகாரம் என்று தெரிவியுங்கள், கவனிக்கிறோம்.'

அந்த இன்னொரு கடை எந்த ஊரில் இருக்கிறது என்று இதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை சேர்க்கச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். அங்கே பூச்சி இருந்ததா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. நம் வாசலில் நின்ற கூட்டத்துக்கு அடுத்தவர் விலாசத்தை எழுதிக் கொடுக்கிற வேலை நமக்கு எதற்கு?

இடையில் ஒரு யோசனை வந்தது. எல்லாக் குடும்பத்திலும் வரும். "நம்ம சொந்தக்காரங்க மட்டும் நூறு பேர் இருக்கோம், ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போட்டா சரியாப் போச்சு" என்றான் என் மகன். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சராசரி 4.4 என்று தெரிய வேண்டுமானால் குறைந்தது 4.35 இருக்க வேண்டும். ஒரு ஒற்றை நட்சத்திரம் அந்தக் கோட்டுக்குக் கீழே 3.35 இழுக்கிறது. ஒரு ஐந்து நட்சத்திரம் மேலே தூக்குவது 0.65 மட்டுமே. அதாவது ஒன்றை ஈடுகட்ட ஐந்துக்கு மேல் வேண்டும். 41 ஒற்றை நட்சத்திரமும் அப்படியே நின்றால் பழைய 4.4க்குத் திரும்ப 195 ஐந்து நட்சத்திரம் தேவை. 29 நீங்கிய பிறகு சராசரி 4.2, அங்கிருந்து 45 போதும். நீக்குவதற்கு உழைப்பதுதான் லாபம்.

கணக்கு இடம் கொடுத்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். மயிலாடுதுறைப் பக்கம் எட்டிப் பார்க்காத சென்னை, பெங்களூர் உறவினர்கள் ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டால், அதுவும் சாப்பிடாதவர் எழுதிய ரிவியூதானே? நாம் எந்த விதியைக் காட்டிப் புகார் செய்தோமோ அதே விதி நம்மேல் பாயும். போலி ரிவியூ என்று பிடிபட்டால் கொஞ்ச காலம் அந்தக் கடைக்குப் புது ரிவியூ வாங்குவதையே நிறுத்திவைக்க முடியும், போலி ரிவியூக்கள் நீக்கப்பட்டன என்று கடைப் பக்கத்திலேயே எச்சரிக்கை போடவும் முடியும். மேல்முறையீட்டில் இருக்கும் கடைக்கு அது தானே குழி வெட்டிக்கொள்வது.

நிஜமாகச் சாப்பிட்டவர்களைக் கேட்கலாம். அதில் தப்பில்லை. கல்லாவில் ஒரு கியூஆர் அட்டை வைத்தார்கள். இரண்டு நிபந்தனை மட்டும் சொன்னேன். ரிவியூவுக்குப் பதிலாக இலவச காபி கூடாது. சிரித்த முகமாகப் போகிறவரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்கக் கூடாது. இரண்டும் கூகுள் விதிப்படித் தப்பு.

இவர்கள் விஷயத்தில் பணம் கேட்டு யாரும் வரவில்லை. சில இடங்களில் ரிவியூ குவிந்த மறுநாளே வாட்ஸப்பில் ஒரு செய்தி வருகிறது: இத்தனை ஆயிரம் அனுப்பினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம் என்று. அப்போது அது ரிவியூ விவகாரமே இல்லை, மிரட்டிப் பணம் பறிப்பது; பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் வரும் குற்றம். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தவரிடம்தான் மறுபடி வருவான். பேரமும் பேசாதீர்கள். அந்த எண்ணும் செய்தியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க அந்தத் தொகையைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

இப்போது தம்பி மகள் ஒரு வேலை செய்கிறாள். மாதம் முதல் தேதி கடை நோட்டில் மூன்று எண் எழுதுகிறாள்: மொத்தம் எத்தனை ரிவியூ, சராசரி என்ன, அந்த மாதம் புதிதாக வந்தது எத்தனை. இரண்டு நிமிஷ வேலை. வழக்கமான வரத்து எவ்வளவு என்று கையில் இருந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். கடைப் பெயர்ப் பலகையிலும் கூகுளில் கொடுத்திருக்கும் படங்களிலும் 'சைவம்', 'மயிலாடுதுறை' இரண்டும் பெரிதாகத் தெரியும்படி மாற்றிவிட்டார்கள். அந்த இரண்டு எழுத்துக்காரர் மறுபடி வந்தாரா என்று தெரியவில்லை. தயிர் சாதத்துக்கு மட்டும் இப்போது இரண்டு வேளையும் புதுத் தயிர்.